ரெப்போ கோட்டில் காணாமல் போன நான்கு ஆண்டுகள்

வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்கு ரெப்போ வட்டி என்பது இப்போது பழகிப்போன பேச்சு. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி குறுகிய காலக் கடன் கொடுக்கும்போது வாங்குகிற வட்டி அது. புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களை 2019 அக்டோபர் 1 முதல் ஒரு வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டபோது, பல வங்கிகள் ரெப்போவையே அளவுகோலாக எடுத்துக்கொண்டன. அதனால் மும்பையில் ஆளுநர் அறிக்கையைப் படித்து முடிப்பதற்குள், மதுரையில் ஒருவர் தன் மாதத் தவணை எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறார்.

அப்படிப்பட்ட ஒருவர், இந்த வட்டி சில ஆண்டுகளாக எப்படி ஏறி இறங்கியது என்று எக்ஸெல்லில் ஒரு கோடு போட்டுப் பார்க்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வேலை சுலபம்தான். வட்டி மாறிய தேதிகள் ஒரு பக்கம், மாறிய பிறகு இருந்த வட்டி இன்னொரு பக்கம். 2020 மே முதல் 2025 ஜூன் வரை எடுத்துக்கொண்டால் பத்தே வரிகள்:

```
தேதி          வட்டி (%)
22.05.2020    4.00
04.05.2022    4.40
08.06.2022    4.90
05.08.2022    5.40
30.09.2022    5.90
07.12.2022    6.25
08.02.2023    6.50
07.02.2025    6.25
09.04.2025    6.00
06.06.2025    5.50
```

இரண்டு நெடுவரிசைகளையும் தேர்ந்தெடுத்து, `Insert` பட்டியலில் கோட்டு வரைபடத்தைச் சொடுக்கினால் படம் வந்துவிடும். பார்க்கவும் லட்சணமாக இருக்கும். இடப்பக்கம் 4 சதவீதத்தில் தொடங்கும் கோடு, மலையேறுவது போல நிதானமாக ஆறு படி ஏறி 6.50-ஐத் தொட்டு, பிறகு மூன்று படி இறங்குகிறது. கீழே பத்துத் தேதிகளும் அளந்து வைத்ததுபோல் சம இடைவெளியில் நிற்கின்றன. தலைப்பு ஒன்று கொடுத்தால் அப்படியே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடலாம்.

படம் சொல்லும் கதை மட்டும் நடந்த கதை அல்ல.

தேதிகளைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் விஷயம் விளங்கும். முதல் தேதிக்கும் இரண்டாம் தேதிக்கும் நடுவே 712 நாட்கள். கொரோனா காலத்தில் 4 சதவீதமாக இறக்கிய வட்டியை ரிசர்வ் வங்கி ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தொடவே இல்லை. இரண்டாம் தேதிக்கும் மூன்றாம் தேதிக்கும் நடுவே வெறும் 35 நாட்கள். 2022 மே 4 அன்று வழக்கமான அட்டவணைக்கு வெளியே திடீரென்று கூடி வட்டியை ஏற்றிய நிதிக் கொள்கைக் குழு, அடுத்த மாதமே மறுபடி ஏற்றியது. படத்திலோ இந்த 712 நாட்களுக்கும் 35 நாட்களுக்கும் ஒரே அகலம். அதேபோல 2023 பிப்ரவரி 8 முதல் 2025 பிப்ரவரி 7 வரை வட்டி 6.50-இல் அசையாமல் நின்ற 730 நாட்களுக்கும் அதே ஒரு கட்டம்தான் கிடைத்திருக்கிறது.

மொத்தக் காலம் 1,841 நாட்கள். அதில் எதுவும் நடக்காத அந்த இரண்டு நீண்ட இடைவெளிகள் மட்டும் 1,442 நாட்கள். அதாவது படத்தின் அகலத்தில் முக்கால் பங்குக்கும் மேல் அவற்றுக்குச் சேர வேண்டியது. கிடைத்தது ஒன்பதில் இரண்டு பங்கு. மாறாக, 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரையான ஒன்பது மாத ஏற்றத்துக்கு நியாயமாகச் சேர வேண்டியது 15 சதவீத அகலம். அது பாதிக்கு மேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கடன்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்த வேகமே அந்த ஒன்பது மாதம்தான். படத்தில் அது சாய்வான ஒரு சரிவாகத் தணிந்துபோய்விட்டது. "மெதுவாகத்தானே ஏற்றியிருக்கிறார்கள்" என்று அதைப் பார்த்து ஒருவர் சொன்னால் அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது.

வட்டி எண்கள் அத்தனையும் சரி. தேதிகளும் சரி. வரைந்த நிரலும் தன் வேலையைத் தான் அறிந்தபடி ஒழுங்காகவே செய்திருக்கிறது. கோளாறு இருப்பது அந்தத் தேதிகளை எக்ஸெல் தேதிகளாகவே எடுத்துக்கொள்ளாததில். அதன் கணக்கில் `22.05.2020` என்பது நாள் அல்ல. 'கண்ணன்', 'முருகன்' என்பதுபோல அதுவும் ஒரு பெயர். பத்துப் பெயர்களைக் கொடுத்தால் அவற்றை வரிசையாக, சம தூரத்தில் நிறுத்துவதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது. நெடுந்தூரப் பேருந்தின் பலகையில் சென்னை, திண்டிவனம், விழுப்புரம், திருச்சி, மதுரை என்று ஊர்ப் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே இடைவெளியில் இருப்பதில்லையா, அந்த மாதிரி. பலகையை வைத்து எந்த ஊர் எவ்வளவு தூரம் என்று சொல்ல முடியாது.

எக்ஸெல்லுக்குத் தேதி என்றால் என்ன? அது ஓர் எண். 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாக எண்ணிக்கொண்டே வருகிறது. அந்தக் கணக்கில் 2020 மே 22 என்பது 43973. 2022 மே 4 என்பது 44685. கட்டத்தில் நமக்குத் தெரியும் நாள், மாதம், ஆண்டு எல்லாம் அந்த எண்ணுக்கு மேலே போட்ட சட்டைதான். இரண்டு எண்களையும் கழித்தால் 712 வருகிறது பாருங்கள், அந்த 712-ஐ வைத்துத்தான் வரைபடம் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எவ்வளவு இடம் விடுவது என்று முடிவு செய்ய முடியும். கட்டத்துக்குள் எண் இல்லாமல் வெறும் எழுத்துகள் இருந்தால், கழிக்க ஒன்றும் இல்லை; இடைவெளியும் இல்லை.

(இந்த எண்ணிக்கையில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1900 லீப் ஆண்டு அல்ல. ஆனால் எக்ஸெல்லில் 60 என்ற எண்ணுக்குத் தேதி வடிவம் கொடுத்தால் 1900 பிப்ரவரி 29 என்று, இல்லாத ஒரு நாளைக் காட்டும். அந்தக் காலத்தில் கோலோச்சிய லோட்டஸ் 1-2-3 மென்பொருளில் இருந்த பிழை அது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக எக்ஸெல்லும் தெரிந்தே அதை எடுத்துக்கொண்டது. நம் ரெப்போ கணக்கை அது ஒன்றும் செய்யாது.)

நம் பட்டியலில் தேதி எழுத்தாகிப் போனதற்குக் காரணம், நடுவில் இருக்கும் புள்ளி. தமிழ்நாட்டில் அரசாணை முதல் பள்ளி விடுப்புக் கடிதம் வரை 'நாள்: 22.05.2020' என்று புள்ளி வைத்து எழுதித்தான் பழக்கம். இந்திய அமைப்பில் இருக்கும் கணினியில் எக்ஸெல் `22-05-2020` என்றால் ஏற்கும், `22/05/2020` என்றாலும் ஏற்கும். புள்ளி வைத்தால் மட்டும் அதற்குத் தேதி என்று தோன்றுவதில்லை. பிழைச் செய்தி எதுவும் காட்டாமல், அடித்ததை அடித்தபடி எழுத்தாக வைத்துக்கொள்கிறது. ஒரே ஓர் அடையாளம் விடும்: எழுத்து கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும், உண்மைத் தேதி, எண் என்பதால், வலப்பக்கம் ஒட்டி நிற்கும். ஆனால் எல்லாவற்றையும் நடுவில் நிறுத்தி அழகுபடுத்தும் வழக்கம் நம் அலுவலகங்களில் உண்டே, அதைச் செய்துவிட்டால் அந்த அடையாளமும் போயிற்று.

புள்ளி மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. இணையப் பக்கத்திலிருந்து வெட்டி ஒட்டும்போது தேதியின் முன்னோ பின்னோ கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும். கணக்கு மென்பொருள் ஏற்றுமதி செய்யும் கோப்பில் தேதிக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி இருக்கும். சில சமயம் நாமே செய்கிறோம்: அச்சில் '22-மே' என்று சுருக்கமாக வரட்டும் என்பதற்காக `=TEXT(A2,"dd-mmm")` என்று ஒரு புது நெடுவரிசை உண்டாக்கி, அதைக் கொண்டு படம் வரைவார்கள். `TEXT` என்ற பெயரே சொல்கிறது, வெளியே வருவது எழுத்து என்று. தேதி அழகாகிவிடும், அதன் எண் போய்விடும். சுருக்கமாகத் தெரிய வேண்டுமென்றால் தேதியை அப்படியே விட்டுவிட்டு, வடிவத்தை மட்டும் `Ctrl+1` அடித்து மாற்றினால் போதும்.

அந்த `Ctrl+1`-ஐப் பற்றி அலுவலகங்களில் அடிக்கடி ஒரு புலம்பலும் கேட்கலாம். "அண்ணே, பார்மட்ல போயி டேட்டுன்னு மாத்திட்டேன், ஒண்ணுமே மாறலையே!" மாறாதுதான். வடிவம் என்பது எண்ணுக்குப் போடும் சட்டை. உள்ளே எண்ணே இல்லாதபோது எந்தச் சட்டை போட்டும் பயனில்லை. ஆனால் இதையே திருப்பிப் போட்டால் நல்ல சோதனை கிடைக்கிறது. நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து வடிவத்தை `General` என்று மாற்றுங்கள். உண்மைத் தேதிகள் 44685, 44720 என்று ஐந்திலக்க எண்களாக மாறிவிடும். எழுத்துத் தேதிகள் இருந்தபடியே இருக்கும். பார்த்துவிட்டு `Ctrl+Z` அடித்துப் பழைய நிலைக்கு வந்துவிடலாம்.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால், ஏதாவது ஒரு காலிக் கட்டத்தில் இதை அடிக்கலாம்:

```
=COUNT(A2:A11)
```

`COUNT` எண்களை மட்டுமே எண்ணும். பத்தும் உண்மைத் தேதி என்றால் 10 வரும். நம் புள்ளித் தேதிகளுக்கு 0 வரும். ஒரு தேதியிலிருந்து இன்னொன்றைக் கழித்துப் பார்ப்பதை மட்டும் சோதனையாக நம்ப வேண்டாம். மேற்கோள் குறி போட்ட `'22-05-2020` போன்ற எழுத்துகளைக் கழித்தல் கணக்கில் எக்ஸெல் தானாகவே தேதியாக மாற்றிக்கொண்டு விடை கொடுத்துவிடும். கணக்குப் போடும்போது அத்தனை தாராளம் காட்டும் அதே எக்ஸெல், படம் வரையும்போது கறார்.

சரி செய்யும் வழியில் பலரும் முதலில் கை வைப்பது தவறான இடத்தில். படத்தின் கிடை அச்சில் வலச் சொடுக்குப் போட்டு `Format Axis` போனால், `Axis Type` என்ற இடத்தில் மூன்று தேர்வுகள் இருக்கும்: `Automatically select based on data`, `Text axis`, `Date axis`. எக்ஸெல் தானாகத் தேர்ந்தெடுத்தது எழுத்து அச்சு, அதைத் தேதி அச்சாக மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். மாற்றிப் பாருங்கள், அச்சில் 1900 ஜனவரி 1, ஜனவரி 2, ஜனவரி 3 என்று வர ஆரம்பிக்கும். எழுத்துகளிலிருந்து தேதி கிடைக்காததால் வரிசை எண்களையே, ஒன்று இரண்டு மூன்று என்று, நாள்களாக எடுத்துக்கொள்கிறது. வரைபடத்தில் எங்காவது 1900 தலைகாட்டினால், கீழே தரவில் இருப்பது எழுத்து என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம்.

மாற்ற வேண்டியது தரவை. தேதி நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, `Data` பட்டியலில் `Text to Columns` போங்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நெடுவரிசையைப் பிரிப்பதற்காக வந்த வசதிதான், ஆனால் நமக்கு அதன் மூன்றாவது படி மட்டும் தேவை. இரண்டு முறை `Next` அடித்துவிட்டு, மூன்றாம் பக்கத்தில் `Date` என்பதைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் `DMY` என்று வையுங்கள். முதலில் நாள், பிறகு மாதம், பிறகு ஆண்டு என்று எக்ஸெல்லுக்குச் சொல்லிவிட்டோம். `Finish` அடித்தால் பத்தும் தேதியாகி வலப்பக்கம் ஒதுங்கும். சூத்திரத்தில் செய்ய விரும்புகிறவர்கள், நாளும் மாதமும் இரண்டிரண்டு இலக்கமாக இருக்கும் நம் பட்டியலுக்கு இப்படி எழுதலாம்:

```
=DATE(RIGHT(A2,4),MID(A2,4,2),LEFT(A2,2))
```

வலப்பக்க நான்கு எழுத்துகள் ஆண்டு, நான்காவது எழுத்திலிருந்து இரண்டு மாதம், இடப்பக்க இரண்டு நாள். கணினி எந்த நாட்டு அமைப்பில் இருந்தாலும் இது மாறாது என்பது இதன் சிறப்பு.

இப்போது படத்தைப் பாருங்கள். அச்சு தானாகத் தேதி அச்சாகிவிடும். கோட்டின் உருவமே வேறு. இடப்பக்கம் அகலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு ஏறக்குறைய சமவெளி. பிறகு ஒரு செங்குத்துச் சுவர். ஆறு உயர்வுகளும் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. மேலே மறுபடியும் ஐந்தில் இரண்டு பங்குக்கு ஒரு மேட்டு நிலம். கடைசியில் வலப்பக்க ஓரத்தில், ஏறிய வேகத்தைவிடச் சற்றே குறைந்த வேகத்தில் ஓர் இறக்கம். முதல் படத்தில் நிதானமான மலையேற்றம் என்று தெரிந்தது, 280 நாட்களில் 4.40-இலிருந்து 6.50-க்குத் தூக்கிய தூக்கு என்று இப்போது தெரிகிறது. மிதக்கும் வட்டிக் கடன் வைத்திருந்தவர்களுக்கு அந்த 280 நாட்கள் எப்படி இருந்தன என்று கேட்டால் இரண்டாவது படத்தைத்தான் ஒப்புக்கொள்வார்கள்.

தேதி முழுவதும் எழுத்தாகிவிடுவதைவிட மோசமானது ஒன்று உண்டு: பாதி எழுத்தாகி, மீதி தப்பான தேதியாவது. வாங்கிய நாளிலிருந்து அமெரிக்க அமைப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கும் மடிக்கணினிகள் நம்மிடம் ஏராளம். அமெரிக்கர்களுக்கு மாதம் முதலில், நாள் இரண்டாவது. அப்படிப்பட்ட கணினியில் நம் பட்டியலைச் சாய்கோடு போட்டு அடித்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

`22/05/2020`-இல் 22-ஆம் மாதம் என்று ஒன்று இல்லை, அது எழுத்தாகிவிடும். `30/09/2022`-க்கும் அதே கதி. ஆனால் `04/05/2022` என்பதை எக்ஸெல் மகிழ்ச்சியோடு ஏற்கும், ஏப்ரல் 5 என்று. `08/06/2022` ஆகஸ்ட் 6 ஆகும். `05/08/2022` மே 8 ஆகும். `07/12/2022` ஜூலை 12. இப்படி ஏழு தேதிகள் சத்தமில்லாமல் தலைகீழாகும். `06/06/2025` மட்டும், நாளும் மாதமும் ஒன்றாக இருக்கிற புண்ணியத்தில், சரியாக நிற்கும். `COUNT` போட்டால் 8 வரும். எட்டில் ஏழு பொய்.

பட்டியலில் எழுத்துகள் கலந்திருக்கும் வரை வரைபடம் பொதுவாக எழுத்து அச்சிலேயே இருக்கும். பழைய சம இடைவெளிப் படம்தான் வரும். யாராவது அந்த இரண்டு எழுத்துத் தேதிகளை மட்டும் கவனித்து, `5/22/2020`, `9/30/2022` என்று திருத்தி அடித்தால், `COUNT` 10 ஆகும், அச்சும் தேதி அச்சாகும். அப்போதுதான் கூத்து. தேதி அச்சு புள்ளிகளைத் தேதி வரிசையில் அடுக்கும் என்பதால், 2022-இல் வட்டி மே மாதம் 5.40-க்கும் ஜூலையில் 6.25-க்கும் ஏறி, ஆகஸ்டில் 4.90-க்குச் சரிந்து, செப்டம்பரில் மறுபடி 5.90-க்கு ஏறியதாகக் கோடு ரம்பப் பல் போல் போகும். கடைசியில் 2025 ஜூனில் 5.50-ஆக இருந்தது ஜூலையில் 6.25-க்கு ஏறியதாகவும் காட்டும். ரிசர்வ் வங்கி அப்படி எதையும் செய்யவில்லை. இங்கே ஒரு விதத்தில் நமக்கு அதிர்ஷ்டம், படம் இத்தனை கோணலாக வருவதால் சந்தேகமாவது வரும். ஒரே சீராக ஏறிக்கொண்டே போகிற விற்பனைக் கணக்காக இருந்தால் சின்னச் சின்னப் பற்களை யாரும் பொருட்படுத்தவே மாட்டார்கள்.

இந்தத் தலைகீழ் நோயைக் கண்டுபிடிக்க `COUNT` உதவாது, எல்லாமே எண்கள்தானே. நாள் இலக்கத்தைப் பாருங்கள். தலைகீழான தேதியில் நாள் இருக்க வேண்டிய இடத்தில் மாதம் உட்கார்ந்திருப்பதால், அது 12-ஐத் தாண்டவே தாண்டாது. அதோடு, காலவரிசைப்படி அடித்த பட்டியல் திடீரென்று வரிசை கலைந்திருக்கும். பக்கத்து நெடுவரிசையில் `=A3>A2` என்று போட்டுக் கீழே இழுத்தால், கலைந்த இடத்தில் `FALSE` என்று வந்து நிற்கும். மருந்து, ஒவ்வொன்றாகத் திருத்துவது அல்ல. விண்டோஸின் `Region` அமைப்பை `English (India)` என்று மாற்றிவிட்டு, மூலத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். மாற்ற அனுமதி இல்லாத அலுவலகக் கணினி என்றால், காலி நெடுவரிசை ஒன்றுக்கு முதலிலேயே `Text` வடிவம் கொடுத்துவிட்டு, அதில் தேதிகளை ஒட்டிப் பிறகு `Text to Columns`, `DMY` என்று போகலாம். இங்கே முதலில் எழுத்தாக்குவதே பாதுகாப்பு. எக்ஸெல் தன் இஷ்டத்துக்கு ஊகிக்க இடம் கொடுக்கக் கூடாது.

எக்ஸெல்லைத் தொடாதவர்களுக்கும் இந்தக் கோளாறு வந்து சேரும், செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் வரும் படங்கள் வழியாக. அதைக் கண்டுகொள்ளக் கோட்டைப் பார்க்க வேண்டாம். அச்சின் அடியில் உள்ள எழுத்துகளைப் படித்தால் போதும். உண்மையான தேதி அச்சில் அடியில் வரும் தேதிகள் ஒழுங்கான தாளத்தில் இருக்கும்: ஆண்டுக்கு ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒன்று என்று. வட்டி மாறிய அதே நாள் அங்கே எழுதியிருக்க வேண்டிய அவசியமில்லை. எழுத்து அச்சில் தரவில் உள்ள தேதிகளே வரும், தாறுமாறாக: 2020 மே, 2022 மே, 2022 ஜூன். தாறுமாறான தேதிகள் சம தூரத்தில் நின்றால், கோட்டின் சாய்வை நம்பிப் பேசக் கூடாது.

கூகுள் ஷீட்ஸில் வரைகிறவர்கள் வரைபடத்தின் `Customize` பகுதியில் `Horizontal axis` திறந்து, `Treat labels as text` என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லிப்ரே ஆபீஸிலும் அச்சின் அமைப்பில் எழுத்தா தேதியா என்று தேர்ந்தெடுக்கலாம். இரண்டிலும் தரவு எழுத்தாக இருந்தால் அச்சை மாற்றிப் பயனில்லை என்ற கதை ஒன்றுதான்.

நம் ரெப்போ படத்துக்குத் திரும்பினால், தேதி அச்சு வந்த பிறகும் அதில் ஒரு சின்னப் பொய் மிச்சமிருக்கிறது. 2020 மே 22-இல் 4.00, 2022 மே 4-இல் 4.40. கோட்டு வரைபடம் இரண்டு புள்ளிகளையும் நேர்கோட்டால் இணைத்துவிடும். அதனால் அந்த 712 நாட்களும் வட்டி துளித்துளியாக ஏறிக்கொண்டே இருந்ததாகத் தெரியும். நான் மேலே 'ஏறக்குறைய சமவெளி' என்று எழுதியது அதனால்தான். உண்மையில் 2022 மே 3 வரை வட்டி 4.00, மறுநாள் 4.40. வெப்பநிலை, எடை போன்ற அளவுகள் இரண்டு அளவீடுகளுக்கு நடுவே நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் சாய்கோடு அவற்றுக்குப் பொருந்தும். அறிவித்த அன்று தாவும் வட்டிக்கு அது பொருந்தாது. எக்ஸெல்லில் படிக்கட்டு வரைபடம் என்று தனியாக ஒன்று இல்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முந்தைய நாளைப் பழைய வட்டியோடு ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் அந்த உருவம் கிடைத்துவிடும்:

```
22-05-2020    4.00
03-05-2022    4.00
04-05-2022    4.40
07-06-2022    4.40
08-06-2022    4.90
```

இந்த உத்தி எழுத்து அச்சில் செல்லாது. அங்கே மே 3-க்கும் மே 4-க்கும் நடுவில் உள்ள ஒரு நாளும் ஒரு முழுக் கட்ட அகலம் பிடித்துக்கொண்டு, படிக்கட்டை மறுபடி சரிவாக்கிவிடும்.

எழுத்து அச்சு எப்போதுமே கெட்டது என்று நினைத்துவிட வேண்டாம். பங்குச் சந்தை விலை வரைகிறவர்கள் அதை வேண்டுமென்றே தேர்ந்தெடுப்பார்கள். சனி, ஞாயிறு வர்த்தகம் இல்லை. தீபாவளி சமயத்திலும் நாட்கள் விட்டுப்போகும். தேதி அச்சு அந்த நாட்களுக்கும் இடம் ஒதுக்கி, வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே நீண்ட கோடு இழுக்கும். வர்த்தகம் நடந்த நாட்களை மட்டும் ஒட்டி ஒட்டிப் பார்க்க விரும்புகிறவருக்கு எழுத்து அச்சுதான் வசதி. அங்கே இடைவெளி சமமாக இருப்பது அவர் கேட்டுப் பெற்றது.

தேதி அச்சுக்கு எட்டாத இடமும் ஒன்று இருக்கிறது. எக்ஸெல்லின் தேதி அச்சு நாளுக்குக் கீழே இறங்காது. அதன் மிகச் சிறிய அலகு ஒரு நாள். ஒரே நாளில் காலை, மதியம், இரவு என்று மூன்று முறை எடுத்த சர்க்கரை அளவை அதில் போட்டால், மூன்று புள்ளிகளும் ஒரே செங்குத்துக் கோட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும். நேரமும் எண்ணுக்குள்தான் இருக்கிறது, நண்பகல் என்றால் அரை நாள், 45814.5 என்பதுபோல. ஆனால் கோட்டு வரைபடம் அந்த அரையைக் கண்டுகொள்ளாது. அதற்கு `Scatter` வகைப் படத்துக்குப் போய், புள்ளிகளைக் கோட்டால் இணைக்கும் தேர்வை எடுக்க வேண்டும். அதிலும் நெடுவரிசை எழுத்தாக இருந்தால், 1, 2, 3 என்று எண்ணித்தான் நிறுத்தும்.